மசோதா சட்டமாகும் பாதை: சாலையோர வியாபாரிகள் சட்டம் நமக்குச் சொல்வது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஒரு வழக்கறிஞர். சட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். எந்தச் சட்டத்தைப் பேசுவது என்று கேட்டபோது, உங்கள் செயலாளர் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விச் சீட்டுகளை என்னிடம் கொடுத்தார். அதில் தள்ளுவண்டி போடுகிற ஒரு அக்கா எழுதியிருந்த கேள்வி இது: "ரோட்டோரத்துல வியாபாரம் பண்றவங்களுக்குச் சட்டம் வந்துடுச்சுன்னு சொல்றாங்க. வந்தா வண்டியை எப்படித் தூக்குறாங்க? சட்டம் எங்க போச்சு?"

இன்றைக்கு நான் பேசப்போவது இந்த ஒரு கேள்விக்கான பதில்தான். ஒரு மசோதா எங்கே பிறக்கிறது, யார் யார் கை மாறி வருகிறது, எந்த இடத்தில் நின்றுபோகும், எப்போது அது நம் கைக்கு வரும் என்பதைச் சாலையோர வியாபாரிகள் சட்டத்தை வைத்தே சொல்கிறேன். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றச் சட்டங்கள் வரும் வழியும் புரிந்துவிடும்.

நாடாளுமன்றத்துக்கு வெளியே

சட்டம் நாடாளுமன்றத்தில் பிறப்பதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலான சட்டங்கள் அதற்கு வெகு காலம் முன்னாலேயே தெருவிலும் கோர்ட்டிலும் கருவாகிவிடுகின்றன.

1989-இல் சோதன் சிங் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. சாலையோரம் வியாபாரம் செய்வதும் ஒரு தொழில்தான். அதற்கு அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆனால் போக்குவரத்து, பொதுமக்கள் வசதி கருதி அரசு அதை ஒழுங்குபடுத்தலாம் என்றது. உரிமை உண்டு என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் எந்த இடத்தில் கடை போடலாம், யார் அனுமதி தருவார், சரக்கை எடுத்துக்கொண்டு போனால் யாரிடம் கேட்பது? இதற்கெல்லாம் விடை சொல்ல அப்போது சட்டம் இல்லை.

மத்திய அரசு 2004-இல் ஒரு தேசியக் கொள்கை கொண்டு வந்தது. 2009-இல் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டது. கொள்கை என்ற சொல்லைக் கவனியுங்கள். கொள்கை என்பது அரசு தானே "இப்படிச் செய்யலாம்" என்று எழுதி வைத்துக்கொள்வது. அதன்படி நடக்காத அதிகாரியை "இந்தப் பிரிவை மீறினீர்கள்" என்று கோர்ட்டில் நிறுத்துவது மிகவும் கடினம். சட்டம் அப்படியில்லை, மீறினால் கேள்வி கேட்க முடியும்.

அடுத்து 2010, அக்டோபர் 8. கேந்தா ராம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், வியாபாரிகளின் உரிமையை இப்படி நிச்சயமில்லாமல் தொங்கவிடக் கூடாது, 2011 ஜூன் 30-க்குள் இதற்கு ஒரு சட்டம் இயற்றுங்கள் என்று சொன்னது. அந்தத் தேதிக்குள் சட்டம் வரவில்லை. ஏனென்றால் கோர்ட் "சட்டம் போடு" என்று சொல்லலாமே தவிர, கோர்ட்டே சட்டம் போட முடியாது. அது நாடாளுமன்றத்தின் வேலை, அல்லது சட்டமன்றத்தின் வேலை.

நாடாளுமன்றமா சட்டமன்றமா என்பதிலேயே ஒரு கேள்வி இருந்தது. நகராட்சி, சாலை போன்றவை மாநிலத்தின் பொறுப்பில் வருகிறவை. அதனால் முதலில் மத்திய அரசு ஒரு மாதிரி மசோதாவை எழுதி, "நீங்கள் உங்கள் ஊரில் இதைப் போல ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று மாநிலங்களுக்கு அனுப்பியது. வியாபாரிகள் சங்கங்கள் இதை ஏற்கவில்லை. இது சாலையைப் பற்றிய விஷயம் மட்டுமில்லை, எங்கள் பிழைப்பைப் பற்றிய விஷயம், ஆகவே நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். குஜராத்தில் தொடங்கிய சேவா போன்ற பெண்கள் அமைப்புகளும், தேசிய அளவிலான வியாபாரிகள் கூட்டமைப்பும் இதில் முன்னே நின்றன. கடைசியில் மத்திய அரசே மசோதா கொண்டுவர ஒப்புக்கொண்டது.

மசோதாவை எழுதுவது யார் என்றால், அந்தத் துறைக்குரிய அமைச்சகம். இங்கே வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வறுமை ஒழிப்பு அமைச்சகம். எழுதியதைச் சட்ட அமைச்சகம் சரிபார்க்கும், பிறகு அமைச்சரவை ஒப்புதல் தரும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் நாடாளுமன்றக் கதவு திறக்கும்.

முதல் படி: அறிமுகம்

2012, செப்டம்பர் 6. அப்போதைய துறை அமைச்சர் குமாரி செல்ஜா மக்களவையில் மசோதாவை அறிமுகம் செய்தார். அந்தக் கூட்டத்தொடர் நிலக்கரி ஒதுக்கீடு பிரச்சினையால் தினமும் அமளியில் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் கூட்டத்தொடரே முடிந்துவிட்டது.

"ஒரு நாள்தான் இருந்தது என்றால் அதில் என்ன பேசியிருப்பார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். பேசவே வேண்டியதில்லை. அறிமுகம் என்பது, "இந்த மசோதாவை அவையின் முன் வைக்க அனுமதி கொடுங்கள்" என்று அமைச்சர் கேட்பது மட்டும்தான். சாதாரணமாக அன்றைக்கு விவாதம் கிடையாது. பத்திரிகையில் "மசோதா தாக்கல்" என்று வருவது இதைத்தான். தாக்கல் என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, சட்டம் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழுவில் ஒருவர் கடன் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார் என்ற அளவுக்குத்தான் அதற்கு அர்த்தம்.

ஆனால் தாக்கல் ஆனதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. அறிமுகமான மசோதா அரசிதழில் அச்சாகிவிடும். அதுவரை அமைச்சகத்தின் அலமாரியில் இருந்தது, இனி யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம், குறை சொல்லலாம்.

இரண்டாம் படி: நிலைக்குழு

தாக்கலான சில நாட்களில் மசோதாவை நகர்ப்புற வளர்ச்சிக்கான நிலைக்குழுவுக்கு அனுப்பினார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் சாதாரண மனிதர்களின் குரல் நுழைய இடமிருக்கிற படி இதுதான்.

நிலைக்குழு என்பது 31 பேர் கொண்ட குழு. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லோரும் இருப்பார்கள். அமைச்சர்கள் இதில் உறுப்பினராக இருக்க முடியாது. அந்தச் சமயம் இந்தக் குழுவின் தலைவராக இருந்தவர் சரத் யாதவ். அவர் ஆளுங்கட்சிக்காரர் இல்லை. கேமரா இல்லாத அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவாகப் படிப்பார்கள். அமைச்சக அதிகாரிகளை வரவழைத்துக் கேள்வி கேட்பார்கள். பொதுமக்கள், சங்கங்களிடமிருந்து எழுத்து மூலமாகக் கருத்து கேட்டு விளம்பரம் கொடுப்பதும், சிலரை நேரில் அழைத்துக் கேட்பதும் இங்கேதான் நடக்கும்.

நம் கூட்டமைப்பு போன்ற அமைப்பும் இங்கே எழுதலாம். தமிழில் எழுதக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. ஆனால் நடைமுறையில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒரு பிரதியைச் சேர்த்து அனுப்புவது நல்லது. "சட்டம் நன்றாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் பயன் இல்லை. இந்தப் பிரிவில், இந்த வரியில், இந்தச் சொல்லால் எங்களுக்கு இந்தக் கஷ்டம் வரும், அதற்குப் பதிலாக இப்படி இருக்கட்டும் என்று எழுதினால், அதைக் குழு எடுத்துப் பேச வழி உண்டு.

குழு தன் அறிக்கையை 2013 மார்ச்சில் கொடுத்தது. அறிக்கை என்பது ஆலோசனைதான், அரசு அதை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் எழுத்தில் பதிவாகி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையைச் சும்மா ஒதுக்கிவிடுவது எந்த அமைச்சருக்கும் சங்கடம். இந்த மசோதாவிலும் அறிக்கைக்குப் பிறகு அரசே பல திருத்தங்களை எழுதி அவைக்குக் கொண்டு வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா மசோதாவும் நிலைக்குழுவுக்குப் போக வேண்டும் என்று விதி இல்லை. அனுப்புவதா வேண்டாமா என்பது அவைத்தலைவரின் முடிவு. காலையில் வந்து மாலையில் நிறைவேறிய மசோதாக்களும் உண்டு. ஒரு மசோதா வரும்போது, "இது நிலைக்குழுவுக்குப் போச்சா?" என்று முதலில் கேளுங்கள். போகவில்லை என்றால், நம் பேச்சுக்கு அதில் இடமே இருக்கவில்லை என்று அர்த்தம்.

மூன்றாம் படி: பிரிவு பிரிவாக ஓட்டு

2013, செப்டம்பர் 6. தாக்கலாகிச் சரியாக ஒரு வருடம். அன்றைக்கு மக்களவை மசோதாவை நிறைவேற்றியது. அதற்குள் துறைக்கு அமைச்சர் மாறி, கிரிஜா வியாஸ் வந்திருந்தார். அமைச்சர் மாறினாலும் மசோதா சாகாது. மசோதா அவையின் சொத்து.

நிறைவேற்றுவது என்றால் ஒரே ஓட்டு இல்லை. முதலில், இந்த மசோதாவை எடுத்துப் பேசலாமா என்று பொதுவான விவாதம், அதற்கு ஒரு ஓட்டு. பிறகு பிரிவு பிரிவாக எடுப்பார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் உறுப்பினர்கள் திருத்தம் கொடுக்கலாம். திருத்தத்துக்கு ஓட்டு, பிறகு பிரிவுக்கு ஓட்டு. எல்லாப் பிரிவும் முடிந்தபின், மொத்த மசோதாவையும் நிறைவேற்றலாமா என்று கடைசி ஓட்டு.

பெரும்பாலும் இது குரல் ஓட்டாக நடக்கும். சம்மதம் உள்ளவர்கள் "ஆம்" என்பார்கள், இல்லாதவர்கள் "இல்லை" என்பார்கள். எந்தச் சத்தம் அதிகம் என்று அவைத்தலைவர் சொல்வார். சந்தேகம் இருந்து, உறுப்பினர்கள் கேட்டால், எண்ணிக்கை ஓட்டு நடக்கும். சாதாரண மசோதாவுக்கு, அன்றைக்கு வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். 300 பேர் ஓட்டுப் போட்டால் 151 பேர். குரல் ஓட்டில் ஒரு குறை உண்டு: நம் தொகுதி எம்.பி. ஆம் சொன்னாரா, இல்லை சொன்னாரா என்று பதிவேட்டில் இருக்காது. எண்ணிக்கை ஓட்டு நடந்திருந்தால் மட்டும்தான் பெயரோடு பதிவாகும்.

நான்காம் படி: அடுத்த அவை, ஓடுகிற கடிகாரம்

மக்களவையில் நிறைவேறிய மசோதா மாநிலங்களவைக்குப் போனது. அங்கேயும் இதே படிகள்: விவாதம், பிரிவு பிரிவாக ஓட்டு, கடைசி ஓட்டு. மாநிலங்களவை அப்படியே ஏற்கலாம், திருத்தம் செய்து மக்களவைக்குத் திருப்பி அனுப்பலாம், நிராகரிக்கலாம். சாதாரணமாக இரண்டு அவையும் ஒரே வார்த்தையில் ஒத்துப்போனால்தான் மசோதா அடுத்த படிக்குப் போகும். வரி, அரசின் செலவு போன்றவற்றை மட்டுமே பேசுகிற பண மசோதாவுக்கு விலக்கு உண்டு: அதை மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், தடுக்க முடியாது. நம் மசோதா பண மசோதா இல்லை.

மாநிலங்களவையில் அது காத்திருந்தது. 2013 செப்டம்பரில் வந்தது, வருடம் முடிந்து 2014 பிப்ரவரியும் வந்துவிட்டது. மே மாதத்துக்குள் பொதுத்தேர்தல் முடிந்து புதிய மக்களவை வர வேண்டும். அதற்கு முன்னால் மிச்சம் இருந்தது அந்தப் பிப்ரவரிக் கூட்டத்தொடர் மட்டும்தான்.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாநிலங்களவையைக் கலைக்க முடியாது, அது எப்போதும் இருக்கும். மக்களவைதான் கலையும். அப்படிக் கலையும்போது, மக்களவையில் நிற்கிற மசோதாவும், மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் காத்திருக்கிற மசோதாவும் செத்துப்போகும். காலாவதி என்பார்கள். புதிய மக்களவை வந்ததும் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். தாக்கல், குழு, ஓட்டு எல்லாமே புதிதாக.

அப்படிச் செத்துப்போன மசோதா ஒன்று நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கேட்ட மசோதா. அது 2010 மார்ச் 9-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. நாடே கொண்டாடியது. பிறகு மக்களவைக்கு வந்தது, ஓட்டுக்கே எடுக்கப்படவில்லை. 2014-இல் மக்களவை கலைந்தது, மசோதாவும் போனது. 2023-இல் புதிய மசோதாவாக எழுதி, மறுபடி முதலிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. ஒருவரும் எதிர்த்து ஓட்டுப் போட்டுத் தோற்கடிக்காமலேயே ஒரு மசோதா சாக முடியும் என்பதற்கு இது சாட்சி. எடுக்காமல் விட்டாலே போதும்.

அதே 2014-இல் சாலையோர வியாபாரிகள் மசோதாவுக்கும் அந்த ஆபத்து இருந்தது. தெலங்கானா மாநிலப் பிரிவினை மசோதாவுக்காக இரண்டு அவையிலும் பெரும் கூச்சலாக இருந்த வாரம் அது. அதற்கு நடுவே பிப்ரவரி 19-ஆம் தேதி மாநிலங்களவை நம் மசோதாவை நிறைவேற்றியது. பிப்ரவரி 21-ஆம் தேதி கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. அந்த மக்களவைக்கு அதுவே கடைசிக் கூட்டத்தொடர். இரண்டு நாள் தவறியிருந்தால், கோர்ட்டிலும் குழுவிலும் இத்தனை வருடம் நடந்தது எல்லாம் திரும்பவும் தொடக்கத்துக்கே போயிருக்கும்.

ஐந்தாம் படி: குடியரசுத் தலைவரின் கையெழுத்து

இரண்டு அவையும் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவருக்குப் போகும். அவர் ஒப்புதல் தரலாம், ஒப்புதல் மறுக்கலாம், "இதை மறுபடி யோசியுங்கள்" என்று ஒருமுறை திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பியதை இரண்டு அவையும் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால், அப்புறம் அவர் மறுக்க முடியாது. நம் மசோதாவுக்கு 2014 மார்ச் 4-ஆம் தேதி ஒப்புதல் கிடைத்தது. மறுநாள் அரசிதழில் வந்தது. 2014-ஆம் ஆண்டின் 7-ஆவது சட்டம் என்று எண் கிடைத்தது. ஒப்புதல் கிடைத்த நிமிடம்தான் மசோதா என்ற பெயர் போய், சட்டம் என்ற பெயர் வந்தது.

நம் மாநிலச் சட்டமன்றத்தில் போடுகிற சட்டத்துக்கும் ஏறக்குறைய இதே வழிதான், முக்கியமான இரண்டு வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டில் மேலவை 1986-இலேயே கலைக்கப்பட்டுவிட்டது, அதனால் ஒரே அவைதான். கையெழுத்து ஆளுநருடையது, சில மசோதாக்களை அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பவும் இடமுண்டு.

கையெழுத்துக்குப் பிறகு

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன். சட்டம் வந்துவிட்டது, வண்டியை ஏன் தூக்கினார்கள்?

வங்கியில் கடன் அனுமதிக் கடிதம் வந்துவிட்டது என்று குழுவில் சொல்வோம். கடிதம் வந்த அன்றைக்கே கணக்கில் பணம் இருக்குமா? இருக்காது. ஆவணம், கையெழுத்து, கணக்கு எண் எல்லாம் முடிந்துதான் பணம் ஏறும். சட்டத்துக்கும் அப்படித்தான். கையெழுத்துக்குப் பிறகு இன்னும் மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு, அமலாகும் தேதி. பல சட்டங்களில், "மத்திய அரசு அறிவிக்கிற நாளில் இது நடைமுறைக்கு வரும்" என்று எழுதியிருக்கும். அறிவிக்காவிட்டால் அது புத்தகத்தில் மட்டும் இருக்கும். இந்தச் சட்டத்துக்கு அந்த அறிவிப்பு வந்தது, 2014 மே 1 முதல் அமல்.

இரண்டாவது கதவு, விதிகளும் திட்டமும். சட்டம் எலும்புக்கூடு மாதிரி. எவ்வளவு கட்டணம், எந்தப் படிவம், சான்றிதழ் எப்படி, தேர்தல் எப்படி என்கிற சதையை மாநில அரசு விதியாகவும் திட்டமாகவும் எழுத வேண்டும். இந்தச் சட்டம் கெடுவும் வைத்தது: திட்டத்துக்கு ஆறு மாதம், விதிகளுக்கு ஒரு வருடம். ஆறு மாதம் என்றால் 2014 அக்டோபர் முடிவு. தமிழ்நாட்டில் இரண்டும் 2015-இல்தான் வந்தன. வேறு சில மாநிலங்கள் இன்னும் தாமதித்தன. கெடு தாண்டினால் யாருக்கு என்ன தண்டனை என்று சட்டத்தில் எழுதவில்லை. கெடுவுக்குப் பல் இல்லை என்பது இந்தச் சட்டத்தின் பெரிய பலவீனம்.

மூன்றாவது கதவு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அதன் பெயர் நகர விற்பனைக் குழு. நகராட்சி ஆணையர் அல்லது செயல் அலுவலர் அதன் தலைவர். உறுப்பினர்களில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் சாலையோர வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களை வியாபாரிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 15 பேர் கொண்ட குழு என்றால் 6 பேர் வியாபாரிகள், அதில் 2 பேராவது பெண்கள். இந்தக் குழு இருந்தால்தான் ஊரில் எத்தனை வியாபாரிகள் என்ற கணக்கெடுப்பு ஒழுங்காக நடக்கும். கணக்கெடுப்பில் பெயர் வந்தால்தான் விற்பனைச் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் இடம்.

இதில் கோழி முதலா முட்டை முதலா என்கிற சிக்கல் ஒன்று உண்டு. குழுவுக்கு ஓட்டுப் போட வியாபாரி யார் என்று தெரிய வேண்டும். யார் என்று தெரியக் கணக்கெடுப்பு வேண்டும். கணக்கெடுப்பைக் குழுவைக் கலந்துதான் நடத்த வேண்டும். பல ஊர்களில் வேலை நின்றுபோனது இந்த முடிச்சில்தான். இதுமாதிரி முடிச்சுகள் மசோதாவாக இருக்கும்போதே, நிலைக்குழுவில் யாராவது விரல் வைத்துக் காட்டினால்தான் அவிழும். சட்டமான பிறகு அவிழ்ப்பதற்கு மறுபடி திருத்த மசோதா கொண்டுவர வேண்டும், அல்லது கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

ஆனால் குழு அமையாத ஊரிலும் கையில் இருக்கிற உரிமைகள் சில உண்டு. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை, ஏற்கெனவே வியாபாரம் செய்கிற யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று மூன்றாவது பிரிவு சொல்கிறது. இடம் மாற்றவோ அப்புறப்படுத்தவோ வேண்டுமானால் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் காலம் முடிந்தும் போகாதவருடைய சரக்கை எடுத்தால், எடுக்கும் இடத்திலேயே பட்டியல் எழுதி, கையெழுத்திட்டு அதன் நகலைக் கொடுக்க வேண்டும். காய், பூ, பழம் போல அழுகுகிற பொருளை, உரிய கட்டணம் கட்டிக் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றப் பொருளை இரண்டு வேலை நாளுக்குள்.

ஆகவே வண்டியைத் தூக்க வந்தால் இரண்டே கேள்வி: "நோட்டீஸ் எங்கே? பட்டியல் நகல் எங்கே?" பதில் இல்லை என்றால் தேதி, நேரம், என்னென்ன சரக்கு, யார் பார்த்தார்கள் என்று அன்றைக்கே எழுதி வைத்து, மறுநாள் நகராட்சியில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறகு என்னைப் போன்ற வக்கீலிடம் வந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனாலும், அந்தக் காகிதம்தான் பேசும்.

சட்டத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக்கான சட்டம். கிராம ஊராட்சியில் நடக்கிற வாரச் சந்தைக்கு இது பொருந்தாது. ரயிலிலும், ரயில்வே இடத்திலும் விற்கிறவர்களுக்கும் பொருந்தாது என்று முதல் பிரிவிலேயே விலக்கி எழுதிவிட்டார்கள். அதனால் ரயிலில் சுண்டல் விற்கிற அக்காவுக்கும், ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே நகராட்சி சாலையில் விற்கிற அக்காவுக்கும் சட்டம் வேறு வேறு. நாலடி தூரத்தில் உரிமை மாறுகிறது.

யாரிடம் கேட்பது

பத்திரிகையிலோ டிவியிலோ ஒரு சட்டத்தைப் பற்றிச் செய்தி வந்தால், எந்தச் சொல் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். "தாக்கல்" என்றால் இப்போதுதான் கதவு திறந்திருக்கிறது. நம் கருத்தை எழுத வேண்டிய நேரம். "நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது" என்றால் எழுத வேண்டிய முகவரியே அதுதான். "மக்களவையில் நிறைவேறியது" என்றால் பாதி வழி. இன்னொரு அவை மிச்சம், அங்கே எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று எம்.பி.யிடம் கேட்கலாம். "ஒப்புதல்", "அரசிதழ்" என்றால் சட்டம் பிறந்துவிட்டது. "அமலுக்கு வந்தது" என்றால் கண் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு டெல்லியைக் கேட்டுப் பயனில்லை. விதி வந்ததா என்று மாநில அரசையும், குழு அமைந்ததா என்று நகராட்சியையும்தான் கேட்க வேண்டும்.

நம் ஊர் நகராட்சியில் விற்பனைக் குழு அமைந்திருக்கிறதா, அதில் வியாபாரிகள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், கடைசிக் கணக்கெடுப்பு எப்போது நடந்தது என்று நான்கே கேள்வி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கட்டணத்தோடு அனுப்பினால், 30 நாளில் பதில் வர வேண்டும். கணக்கெடுப்பை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விடுபட்ட பெயர்கள் அடுத்த கணக்கெடுப்பில் சேர வேண்டுமானால், அது எப்போது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்த நான்கு கேள்விக்கான மனுவை நான் எழுதிக் கொண்டுவந்து உங்கள் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். நகராட்சி எல்லைக்குள் வியாபாரம் செய்கிற உறுப்பினர்கள் இருக்கிற ஒவ்வொரு குழுவும், அடுத்த மாதக் கூட்டத்தில் அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம்.